செலவு மையத்தின் அறிக்கையில் யாருடைய செலவு எது?

ஒரு தொழிற்சாலையின் கடைசல் பிரிவை எடுத்துக்கொள்வோம். உலோகக் கம்பிகளை வாங்கி, கடைந்து, அளவு சரிபார்த்து, உதிரிபாகமாக அடுத்த பிரிவுக்கு அனுப்புகிற இடம். அதற்கு ஒரு மேற்பார்வையாளர். இந்தப் பிரிவு எதையும் நேரடியாக விற்பதில்லை, அதனால் அதற்கென்று வருமானம் கிடையாது. செலவு மட்டும் உண்டு. இப்படிச் செலவை வைத்தே அளக்கப்படும் பிரிவைத்தான் செலவு மையம் என்கிறோம். மாதம் முடிந்ததும் கணக்குப் பிரிவிலிருந்து அவருக்கு ஓர் அறிக்கை வருகிறது. பட்ஜெட் 20,25,000. ஆன செலவு 23,20,800. கூடுதல் 2,95,800.

(எந்த நாணயத்தில் வைத்துப் படித்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே தருகிறேன்.)

ஏறக்குறைய மூன்று லட்சம் அதிகம். ஆலை மேலாளர் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அந்த மூன்று லட்சத்தில் எவ்வளவு உண்மையில் இந்த மேற்பார்வையாளரின் கையில் இருந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பொறுப்புக் கணக்கியல் என்ற முறை இருக்கிறது. செலவுகளைப் பொருள்வாரியாகச் சேர்க்காமல், யார் முடிவெடுத்ததால் அந்தச் செலவு ஏற்பட்டதோ அந்த ஆளின் பெயருக்குக் கீழே சேர்ப்பது என்பதே அதன் அடிப்படை. ஒருவர் தன் முடிவால் கணிசமாகக் கூட்டவோ குறைக்கவோ முடிகிற செலவு அவருக்குக் கட்டுப்படுத்தக்கூடிய செலவு. அப்படி முடியாதது அவருக்குக் கட்டுப்படுத்த இயலாத செலவு. இங்கே ‘அவருக்கு’ என்ற சொல் முக்கியம். அதை விட்டுவிட்டால் முழுக் கணக்கும் தவறாகிவிடும்.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். மாறும் செலவு எல்லாம் கட்டுப்படுத்தக்கூடியது, நிலையான செலவு எல்லாம் கட்டுப்படுத்த இயலாதது என்று எடுத்துக்கொள்வார்கள். நேரடிச் செலவு என்றால் பிரிவின் பொறுப்பு, மறைமுகச் செலவு என்றால் இல்லை என்றும் சிலர் நினைப்பார்கள். இரண்டும் சரியல்ல. கடைசல் இயந்திரங்களின் தேய்மானம் இந்தப் பிரிவின் நேரடிச் செலவுதான், வேறு எந்தப் பிரிவுக்கும் அதில் பங்கு இல்லை. ஆனால் இயந்திரத்தை வாங்க முடிவெடுத்தவர் ஆலை மேலாளர். மேற்பார்வையாளரால் அந்தத் தேய்மானத்தில் ஒரு காசைக்கூடக் குறைக்க முடியாது. மறுபக்கம், பராமரிப்புக்கு மாதம் 50,000 என்று நிலையாக ஒதுக்கியிருக்கிறார்கள். உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் அந்த ஒதுக்கீடு மாறாது. ஆனாலும் அதை எப்போது, எவ்வளவு செலவிடுவது என்று முடிவு செய்வது மேற்பார்வையாளர்தான். நிலையான செலவுதான், ஆனால் அவர் கையில் இருக்கிற செலவு.

ஆக, பிரித்துப் பார்க்க வேண்டியது செலவின் குணத்தை அல்ல. அதிகாரம் எந்த மட்டத்தில் இருக்கிறது, எவ்வளவு காலத்தை எடுத்துக்கொள்கிறோம் என்ற இரண்டையும்தான். ஒரு மாதக் கணக்கில் கட்டட வாடகையை யாராலும் மாற்ற முடியாது. ஐந்து வருடக் கணக்கில் நிர்வாகத்தால் வேறு இடத்துக்கே போய்விட முடியும்.

சரி, நம் கடைசல் பிரிவுக்கு வருவோம். அந்த மாதம் 10,000 உதிரிபாகங்கள் செய்வதாகத் திட்டம். ஒரு பாகத்துக்கு 2 கிலோ உலோகம், கிலோ 50. அதாவது பாகத்துக்கு 100. உழைப்பு அரை மணி நேரம், மணிக்கு 120. அதாவது பாகத்துக்கு 60. வெட்டுக்கருவி, எண்ணெய் போன்ற நுகர்பொருட்களுக்குப் பாகத்துக்கு 8. பராமரிப்புக்கு மொத்தமாக 50,000. இவை போக மேற்பார்வையாளரின் சம்பளம் 45,000, தேய்மானமும் வாடகைப் பங்கும் சேர்த்து 1,50,000, தலைமை அலுவலகச் செலவில் இந்தப் பிரிவின் தலையில் விழும் பங்கு 1,00,000. எல்லாம் கூட்டினால் 20,25,000 வரும்.

நடந்தது என்ன? விற்பனைப் பிரிவு நடுவில் ஒரு கூடுதல் ஆர்டரைப் பிடித்ததால் 10,000-க்குப் பதிலாக 11,000 பாகங்கள் செய்தார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் மற்ற எந்த ஆய்வுக்கும் அர்த்தமில்லை. கூடுதலாக 1,000 பாகம் செய்தால் உலோகம் 1,00,000, உழைப்பு 60,000, நுகர்பொருள் 8,000 என்று 1,68,000 கூடுதலாக ஆகத்தான் செய்யும். அது தவறு அல்ல, வேலை. ஆனால் முதல் அறிக்கை 11,000 பாகத்துக்கான செலவை 10,000 பாகத்துக்கான பட்ஜெட்டுடன் ஒப்பிட்டது. அந்த ஒப்பீடு நிறைய வேலை செய்தவரைத் தண்டிக்கும். பாதி நாள் இயந்திரத்தை நிறுத்தி வைத்தவரைச் சிக்கனமானவராகக் காட்டும். அதனால் முதல் வேலை, உண்மையில் நடந்த உற்பத்திக்கு ஏற்றபடி பட்ஜெட்டைத் திருத்தி எழுதுவது. இதற்கு நெகிழ்வுப் பட்ஜெட் என்று பெயர். மாறும் செலவுகளை மட்டும் 11,000-க்கு உயர்த்துவோம், நிலையானவற்றை அப்படியே விடுவோம். 2,95,800-இலிருந்து 1,68,000 இப்படியே போய்விட்டது. மீதி 1,27,800.

அடுத்தது விலை. அந்த மாதம் 22,600 கிலோ உலோகம் பயன்பட்டது, சராசரியாகக் கிலோ 53 ஆனது. உலோகத்தின் விலையைப் பேசி முடிப்பது கொள்முதல் பிரிவு. கம்பியை வீணாக்காமல் கடைவது மேற்பார்வையாளர். ஒரே செலவுத் தலைப்புக்குள் இரண்டு பேருடைய முடிவுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. மேற்பார்வையாளரின் அறிக்கையில் உலோகத்தை எப்போதும் பட்ஜெட்டில் நிர்ணயித்த விலையிலேயே எழுதுவது. 22,600 கிலோவை 50-ஆல் பெருக்கினால் 11,30,000. 11,000 பாகத்துக்கு அனுமதித்த 22,000 கிலோவின் மதிப்பு 11,00,000. வித்தியாசமான 30,000 அவருடையது, ஏனென்றால் 600 கிலோ கூடுதலாகச் செலவழிந்தது அவர் பிரிவில். கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்த 3, மொத்தம் 67,800, கொள்முதல் பிரிவின் அறிக்கைக்குப் போகிறது.

உழைப்புக்கும் இதே முறைதான். 5,500 மணி நேரம் அனுமதி, 5,400 மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். 100 மணி நேர மிச்சம், மணிக்கு 120 வீதம் 12,000 சாதகம். இதற்கிடையில் புதிய ஊதிய ஒப்பந்தத்தால் கூலி மணிக்கு 125 ஆகிவிட்டது. அதனால் வந்த 27,000 கூடுதல் அவரால் ஏற்பட்டதல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நிர்வாகம்.

தலைமை அலுவலகப் பங்கு 1,00,000 என்று இருந்தது 1,24,000 ஆகிவிட்டது. காரணம், வேறொரு பிரிவை மூடினார்கள். அது சுமந்துகொண்டிருந்த பங்கை மீதமுள்ள பிரிவுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கடைசல் பிரிவில் ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை, ஆனாலும் அதன் செலவு 24,000 ஏறிவிட்டது. பங்கீட்டுச் செலவுகளை ஒருவருடைய செயல்திறனில் சேர்க்கக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இப்போது மேற்பார்வையாளருக்குப் போக வேண்டிய அறிக்கையின் மேல் பகுதி இப்படி இருக்கும்:

| கட்டுப்படுத்தக்கூடிய செலவு | 11,000 பாகத்துக்கான பட்ஜெட் | ஆனது | மாறுபாடு |
|---|---|---|---|
| உலோகம் (பட்ஜெட் விலையில்) | 11,00,000 | 11,30,000 | 30,000 பாதகம் |
| உழைப்பு (பட்ஜெட் கூலியில்) | 6,60,000 | 6,48,000 | 12,000 சாதகம் |
| நுகர்பொருட்கள் | 88,000 | 97,000 | 9,000 பாதகம் |
| பராமரிப்பு | 50,000 | 32,000 | 18,000 சாதகம் |
| மொத்தம் | 18,98,000 | 19,07,000 | 9,000 பாதகம் |

2,95,800 என்று ஆரம்பித்தது 9,000-இல் வந்து நிற்கிறது. மற்றதெல்லாம் எங்கேயும் மறைந்துவிடவில்லை. உற்பத்தி கூடியதால் 1,68,000, உலோக விலையால் 67,800, கூலி உயர்வால் 27,000, பங்கீட்டால் 24,000. இவற்றோடு 9,000-ஐக் கூட்டினால் பழைய 2,95,800 அப்படியே வந்துவிடும். இந்தக் கூட்டல் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு செலவு யாருடைய பெயரிலும் இல்லாமல் தொங்குகிறது, அல்லது இரண்டு பேரின் அறிக்கையில் ஏறியிருக்கிறது என்று பொருள்.

மேற்பார்வையாளரின் சம்பளம், தேய்மானம், வாடகை, தலைமை அலுவலகப் பங்கு ஆகியவற்றை என்ன செய்வது? அவருடைய அறிக்கையிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட வேண்டும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். கையில் இல்லாததைக் காட்டினால் கவனம் சிதறும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு சாரார் காட்டத்தான் வேண்டும் என்பார்கள். தன் பிரிவை நடத்த மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று தெரியாத மேற்பார்வையாளர், இன்னொரு இயந்திரம் வேண்டும் என்று யோசிக்காமல் கேட்பார் என்பது அவர்கள் கவலை. எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மேலே உள்ள மொத்தத்துக்குக் கீழே கோடு போட்டு, ‘தகவலுக்கு மட்டும்’ என்று தனியாக எழுத வேண்டும். இரண்டு பகுதியையும் கூட்டி ஒரு பெரிய மொத்தம் போடவே கூடாது. அப்படி ஒரு மொத்தம் காகிதத்தில் இருந்தால் அவசரத்தில் இருக்கிற மேலாளரின் கண் நேராக அதற்குத்தான் போகும். அப்புறம் பிரித்ததற்குப் பயனே இல்லை.

கணக்கு இத்தோடு முடிந்தது. ஆனால் அந்த 9,000-ஐ மட்டும் பார்த்து, பரவாயில்லை, ஏறக்குறைய பட்ஜெட்டுக்குள்தான் இருக்கிறார் என்று தாளைத் திருப்பிவிட்டால் இந்த மாதத்தின் முக்கியமான செய்தியைத் தவறவிடுவோம். மொத்தத்தை விட்டுவிட்டு வரிகளைப் பாருங்கள். பராமரிப்பில் 18,000 சாதகம். அதே மாதத்தில் உலோகம் 600 கிலோ கூடுதல், நுகர்பொருள் 9,000 கூடுதல். இவை மூன்றும் தனித்தனிச் சம்பவங்களா?

கூடுதல் ஆர்டரை முடிக்க வேண்டிய அவசரம். இயந்திரத்தை நிறுத்திப் பராமரிப்பு செய்தால் உற்பத்தி மணி நேரம் போகும். அதனால் திட்டமிட்ட பராமரிப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது சுலபமான முடிவு. அறிக்கையில் அது சிக்கனமாகத் தெரியும். ஆனால் தேய்ந்த தாங்கிகளோடு ஓடும் இயந்திரம் அதிரும். அதிர்ந்தால் அளவு தப்பும், கருவியின் முனை சீக்கிரம் மழுங்கும். அளவு தப்பிய பாகங்கள் கழிவுத் தொட்டிக்குப் போகும், அவற்றுக்குப் பதிலாகப் புதிய கம்பியை எடுக்க வேண்டிவரும். 18,000 மிச்சப்படுத்தியதாலேயே 39,000 பாதகம் வந்திருக்கலாம். இயந்திரம் ஒரு நாள் நின்றே போனால் அதன் செலவு வேறொரு மாதத்தில், ஒருவேளை வேறொரு மேற்பார்வையாளரின் காலத்தில் விழும்.

இது வெறும் ஊகமா, உண்மையா என்று கண்டுபிடிக்கப் பணக்கணக்கு மட்டும் போதாது. பக்கத்தில் சில சாதாரண எண்கள் வேண்டும். திட்டமிட்ட பராமரிப்புகளில் எத்தனை நடந்தன, எத்தனை தள்ளிப்போயின? கழிவுப் பதிவேட்டில் அந்த 600 கிலோ எந்த வாரத்தில், எந்த இயந்திரத்தில் வந்தது? எதிர்பாராமல் இயந்திரம் நின்ற நேரம் எவ்வளவு? பராமரிப்பு தள்ளிப்போன அதே இயந்திரத்தில்தான் கழிவு குவிந்திருக்கிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. எல்லா இயந்திரங்களிலும் ஒரே அளவாகப் பரவியிருந்தால் சந்தேகம் உலோகத்தின் தரத்தின் மேல் திரும்ப வேண்டும், அதாவது மறுபடியும் கொள்முதல் பிரிவின் பக்கம். மாதாந்தர அறிக்கையில் மாறுபாடு எண்ணுக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் காரணம் எழுதுவதற்கு ஒரு பத்தி விட்டுவைப்பது இதற்காகத்தான். அந்தப் பத்தி காலியாக வந்தால் அறிக்கை பாதிதான் வேலை செய்கிறது.

கொள்முதலுக்கு அனுப்பிய 67,800-ஐயும் ஒருமுறை திறந்து பார்ப்போம். அதில் பெரும்பகுதி சந்தை விலை ஏறியதால் வந்தது. ஆனால் கடைசி 2,000 கிலோவை மாதக் கடைசியில் அவசரமாக, கிலோ 59-க்கு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட் விலையைவிடக் கிலோவுக்கு 9 கூடுதல், மொத்தம் 18,000. ஏன் அவசரம்? கூடுதல் ஆர்டர் வந்தது தெரிந்தும் மேற்பார்வையாளர் உலோகத்துக்கான கேட்புச் சீட்டை ஒரு வாரம் தாமதமாகக் கொடுத்திருந்தால், இந்த 18,000 விலை மாறுபாடாக இருந்தாலும் அவருடையதே. விற்பனைப் பிரிவு கடைசி நேரத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருந்தால் அது விற்பனைப் பிரிவின் செலவு. கேட்புச் சீட்டு சரியான நேரத்தில் போய், கொள்முதல் மேசையில் தூங்கியிருந்தால் கொள்முதலுடையது. விலை என்றால் கொள்முதல், அளவு என்றால் உற்பத்தி என்ற பிரிப்பு ஒரு நல்ல தொடக்கம்தான், ஆனால் அது தீர்ப்பு அல்ல. சீட்டில் இருக்கிற தேதி எந்த வாய்ப்பாட்டையும்விடத் தெளிவாகப் பேசும்.

பராமரிப்புச் செலவிலும் இப்படி ஒரு மறைந்த பிரிப்பு உண்டு. பல ஆலைகளில் பராமரிப்பு ஒரு தனிப் பிரிவு. அது மற்ற பிரிவுகளுக்கு மணிக்கணக்கில் கட்டணம் போடும். எத்தனை மணி நேரம் கேட்பது என்பது கடைசல் மேற்பார்வையாளரின் முடிவு. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பது பராமரிப்பு மேற்பார்வையாளரின் திறமை. அதனால் கட்டணத்தை, ஆன செலவைப் பங்கிட்டு எழுதாமல், வருட ஆரம்பத்தில் நிர்ணயித்த விகிதத்தில்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பராமரிப்புப் பிரிவின் ஊதாரித்தனம் எல்லாம் அமைதியாக மற்றவர்களின் அறிக்கைகளுக்குள் இறங்கிவிடும், அந்தப் பிரிவின் அறிக்கை மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

இந்த முறை எங்கே கெட்டுப்போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ‘இது என் கையில் இல்லை’ என்பது ஒரு வசதியான மறைவிடமாக மாறும்போது. மின்சாரச் செலவைக் கட்டுப்படுத்த இயலாதது என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால், மதிய இடைவேளையில் இயந்திரங்கள் சும்மா ஓடுவதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிரிவுக்கென்று தனி மீட்டர் இல்லாததால்தான் அது கட்டுப்படுத்த இயலாததாக இருக்கிறது என்றால், மீட்டர் ஒன்றைப் பொருத்தினால் போதும். கோட்டுக்குக் கீழே இருந்த செலவு மேலே ஏறிவிடும். எனவே எது யாருடையது என்ற பட்டியலை வருடத்துக்கு ஒருமுறையாவது மேற்பார்வையாளர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும். அதுவும் மாதம் தொடங்கும் முன்பே. மாறுபாடு வந்த பிறகு உட்கார்ந்தால் அது பேரம் பேசும் கூட்டமாகிவிடும்.

கடைசியாக, இந்த அறிக்கை ஒரு படி மேலே போகும்போது என்ன ஆகிறது? ஆலை மேலாளரின் அறிக்கையில் கடைசல் பிரிவின் நான்கு வரிகளும் இருக்காது. ‘கடைசல் பிரிவு: 18,98,000, 19,07,000, 9,000 பாதகம்’ என்று ஒரே வரியாக வரும். வார்ப்புப் பிரிவு, பூச்சுப் பிரிவு எல்லாம் இதேபோல ஒவ்வொரு வரி. ஏதாவது ஒரு வரி உறுத்தினால் மட்டும் அவர் கீழே உள்ள தாளை எடுத்துப் பார்ப்பார். அப்புறம், மேற்பார்வையாளருக்குக் கோட்டுக்குக் கீழே இருந்த அவருடைய சம்பளம் இங்கே கோட்டுக்கு மேலே வருகிறது, ஏனென்றால் அதை நிர்ணயிப்பவர் ஆலை மேலாளர். அவர் வாங்க முடிவெடுத்த இயந்திரங்களின் தேய்மானமும் மேலே வருகிறது. தலைமை அலுவலகப் பங்கு மட்டும் இன்னும் கீழேயே இருக்கும். அதைக் கட்டுப்படுத்துகிறவர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார், அவருக்கென்று ஓர் அறிக்கை தனியாகப் போகிறது.